பெயர் கடைசியில் வரட்டும்

மேடைத் தமிழ் – 11

வரவேற்புரை பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு அடுத்து நிகழ்ச்சி நிரலில் ஒரு சின்ன வரி வரும்: ‘சிறப்பு விருந்தினர் அறிமுகம்’. பெரும்பாலான பள்ளிகளில் இந்த வேலை கூட்டத்துக்கு முதல் நாள் மாலை யாராவது ஒரு மாணவியின் தலையில் விழும். கையில் ஒரு தாளைக் கொடுத்து, “இதை அப்படியே படிச்சிடு” என்பார்கள். அவளும் படிப்பாள். விருந்தினர் பிறந்த ஊர், பெற்ற பட்டங்கள், வகித்த பொறுப்புகள், வாங்கிய விருதுகள் என்று தாள் முடியும்வரை வாசிப்பாள். முன்வரிசையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் ஒருவரை ஒருவர் கிள்ளத் தொடங்கியிருப்பார்கள். அந்த மாணவி தவறு எதுவும் செய்யவில்லை. அறிமுகம் என்பது யாருக்காக என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விருந்தினருக்கு மரியாதை செய்ய நம் கூட்டங்களில் வேறு இடங்கள் இருக்கின்றன. வாசலில் நின்று அழைத்து வருகிறோம், வரவேற்புரையில் வணங்குகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், இப்போதெல்லாம் புத்தகம் கொடுக்கிறோம், முடிவில் நன்றி சொல்கிறோம். அறிமுகம் அந்த வரிசையில் சேர்ந்தது அல்ல. அது கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கானது. இந்த மனிதர் பேசப்போவதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் அறிமுகம் செய்பவரின் வேலை.

ஒருவரைச் சபைக்கு இன்னொருவர் அறிமுகம் செய்யும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. பழைய நூல்களின் தொடக்கத்தில் வரும் சிறப்புப் பாயிரம் அதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டுச் செய்திகளைச் சொல்கிறது. நூலை ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லவந்த பொருள், கேட்போர், பயன். இந்த எட்டில் ஆசிரியரைப் பற்றி நேராகப் பேசுவது ஒன்றே ஒன்று, அவர் பெயர். கேட்போர் யார், அவர்களுக்கு என்ன பயன் என்ற இரண்டும் தனித்தனியே இடம் பெறுகின்றன. அவருடைய பட்டங்களுக்கென்று அந்தப் பட்டியலில் ஓர் இடம் இல்லை.

யார் பாயிரம் பாடலாம் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியருடைய ஆசிரியர், அவரோடு சேர்ந்து படித்தவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரைகாரர். எத்தனை பெரிய புலவரானாலும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று விலக்கும் தருகிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே நிற்கும்போது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பள்ளி விழாக்கள்தான் நினைவுக்கு வரும். அறிமுகம் சரியாக அமையாவிட்டால் விருந்தினர் அந்த நிலைக்குத்தான் தள்ளப்படுகிறார். தான் யார், தனக்கு இதைப் பேச என்ன தகுதி என்பதைத் தானே கூச்சத்தோடு சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாடிய சிறப்புப் பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். பனம்பாரனாரும் தொல்காப்பியரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள் என்பது மரபு. பாயிரம் மொத்தம் 15 அடிதான். முதலில் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையைச் சொல்கிறார். பிறகு இந்த நூல் எதை ஆராய்கிறது, எதை அடிப்படையாகக் கொண்டது என்கிறார். அதன் பிறகு எந்த அவையில், யார் முன்னிலையில் இது அரங்கேறியது என்கிறார். தொல்காப்பியன் என்ற பெயர் பதினான்காவது அடியில்தான் வருகிறது. புகழ்ச்சி கடைசி அடியில், சில சொற்களில் முடிந்துவிடுகிறது. நிலத்தில் தொடங்கி, பொருளுக்கு வந்து, மனிதரில் முடிகிறது அந்த அறிமுகம்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சி நடத்திய டேல் கார்னகியின் வகுப்புகளும் ஏறக்குறைய இதே வரிசைக்கு வந்து சேர்ந்தன. முதலில் தலைப்பு, அடுத்து அந்தத் தலைப்பு இந்தக் கூட்டத்துக்கு ஏன் முக்கியம், கடைசியில் பேச்சாளரும் அவர் பெயரும். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களிலும் பேச்சாளரை அறிமுகம் செய்வதைத் தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். நம் பள்ளிகளிலோ வரிசை தலைகீழாகிவிட்டது. மனிதரில் தொடங்கி மனிதரிலேயே முடிக்கிறோம். தலைப்பு பல நேரம் வருவதே இல்லை.

இனி ஒரு கூட்டத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு வேலையில் இறங்குவோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அக்டோபர் மாதம், வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு. அறிவியல் மன்றத்தின் கூட்டத்துக்கு மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எண்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அறிமுகம் செய்ய வேண்டியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள் கையில் தலைமையாசிரியர் கொடுத்த தாள் இருக்கிறது. அதில் விருந்தினரின் பிறந்த தேதி, ஐடிஐ படிப்பு, வேலையில் சேர்ந்த விவரம், ஹெல்பர், ஒயர்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று அடுத்தடுத்துக் கிடைத்த பதவி உயர்வுகள், தொழிற்சங்கப் பொறுப்பு, குடியரசு தின விழாவில் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ், கோயில் திருப்பணிக் குழு, ரத்த தானம், பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதுவரை இருக்கிறது. அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் ‘இன்ஜினியர்’ என்று அச்சாகியிருக்கிறது.

இந்தத் தாளிலிருந்து அறிமுகம் பிறக்காது. ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக, ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மாணவியே பேசுவது நல்லது. ஐந்து நிமிடம் போதும்.

“வணக்கம் ஐயா. வெள்ளிக்கிழமை நம்ம ஸ்கூல்ல நீங்க பேச வர்றீங்கள்ல, உங்களை நான்தான் அறிமுகம் செய்யப்போறேன். உங்க பேரை எப்படிச் சொல்லணும் ஐயா? இனிஷியலோட சொல்லணுமா?”

“இனிஷியல் போட்டே சொல்லும்மா. எங்கப்பா பேராச்சே.”

“அழைப்பிதழ்ல இன்ஜினியர்னு போட்டிருக்காங்க ஐயா.”

“அய்யய்யோ, நான் இன்ஜினியர் இல்லம்மா. லைன் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன். அப்படியே சொல்லு, அதுதான் எனக்குப் பெருமை.”

இந்த ஒரு பதிலுக்காகவே தொலைபேசியை எடுத்திருக்கலாம். பெயரும் பதவியும் தவறிப்போவதுதான் அறிமுகங்களில் அடிக்கடி நடப்பது, அதிகம் புண்படுத்துவதும் அதுதான். குறைத்துச் சொன்னால் மட்டும் அல்ல, கூட்டிச் சொன்னாலும் வலிக்கும். இல்லாத பட்டத்தை மேடையில் சூட்டிவிட்டால் அவர் எழுந்து மறுக்க வேண்டும், அல்லது பேசாமல் இருந்து மனத்துக்குள் குறுக வேண்டும். தன் ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டுமே கஷ்டம்.

பெயரும் பதவியும் தெளிவான பிறகு கேட்க வேண்டியவை இன்னும் மூன்று. என்ன பேசப்போகிறீர்கள்? பிள்ளைகள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? சொல்லக்கூடாதது ஏதாவது உண்டா? முதல் கேள்விக்கு அவர், “கஜா புயல் சமயத்துல வேதாரண்யம் பக்கம் வேலைக்குப் போயிருந்தோம். அங்க ஒரு பையன் கீழ கிடந்த கம்பிகிட்ட போனான் பாரு, அந்தக் கதையிலதான் ஆரம்பிக்கப்போறேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அந்தக் கரையில் ஏறிய புயல் அது. டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கேட்டவுடன் மாணவிக்கு அந்தக் கதையை அறிமுகத்திலேயே சொல்லிவிட ஆசை வரும். சொல்லக் கூடாது. அது விருந்தினரின் சொத்து. நாம் எடுத்து நான்கு வரியில் சொல்லிவிட்டால், அவர் எழுந்து வந்து எதில் தொடங்குவார்? அவர் என்னென்ன சொல்லப்போகிறார் என்று கேட்பதே, நாம் எதையெல்லாம் சொல்லாமல் விட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். புகார் சொல்ல மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண் இருக்கிறது. அதையும் அவரே சொல்லட்டும். அவர் வாயால் கேட்டால்தான் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

மூன்றாவது கேள்விக்கு அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கூட வேலை பார்த்த ஒருத்தர் கம்பத்துலயே போயிட்டாரும்மா. அதை நீ சொல்லாத. சொல்லணும்னு தோணினா நானே சொல்றேன்” எனலாம். இப்படி ஒன்று ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கும். கேட்காமல் தெரியாது. துக்கம், நோய், குடும்பத்தில் பிரிவு, சாதி, கட்சி இவையெல்லாம் பிறர் எழுதித் தந்த தாளில் சாதாரணமாக நுழைந்துவிடுகின்றன. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் மேடையில் ஒருவருடைய வாழ்க்கையில் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

இப்போது தாளுக்குத் திரும்புவோம். பிறந்த தேதியும் பிள்ளைகளின் வேலையும் வேண்டாம். கோயில் திருப்பணியும் ரத்த தானமும் நல்ல காரியங்கள், ஆனால் இன்றைய தலைப்புக்கு உதவாதவை. தொழிற்சங்கக் கூட்டத்தில் அறிமுகம் என்றால் அவருடைய சங்கப் பொறுப்புதான் முதலில் வரும், இங்கே அது வேண்டியதில்லை. சான்றிதழை வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கே தயக்கம் உண்டு. பதினோரு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியாகக் குழி தோண்டத் தொடங்கி லைன் இன்ஸ்பெக்டராக முடித்தார் என்ற செய்தி, கம்பத்தின் அடி முதல் உச்சி வரை அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிடுகிறது. அது இருக்கட்டும். ஒரு வாழ்க்கையிலிருந்து இரண்டு அல்லது மூன்று செய்திகளுக்கு மேல் பிள்ளைகள் மனத்தில் தங்காது. அந்த மூன்றும் தலைப்பை நோக்கி நிற்க வேண்டும்.

தலைப்பு ஏன் முக்கியம் என்பதை எங்கிருந்து எடுப்பது? பிள்ளைகள் நடந்து வரும் வழியிலிருந்து. இந்தப் பள்ளிக்குப் பின்னால் வயல் இருக்கிறது, வயலைத் தாண்டி மின்கம்பி போகிறது, அதன் கீழே வரப்பு. பலர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ‘மின்சாரம் மனித வாழ்வில் இன்றியமையாதது’ என்று தொடங்கும் வாக்கியம் எந்தப் பள்ளியிலும் யாரிடமும் சொல்லக்கூடியது. அந்த வரப்பு அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் சொந்தம்.

மாணவியும் ஆசிரியரும் உட்கார்ந்து எழுதியது இப்படி வரலாம். பெயர் வர வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன்.

“எல்லோருக்கும் வணக்கம். நம்ம பள்ளிக்குப் பின்னால் வயலைத் தாண்டிப் போகிற கரண்டுக் கம்பியைத் தினமும் பார்க்கிறோம். அடுத்த மாதம் மழையும் காற்றும் வந்தால் அது அறுந்து கீழே விழலாம். விழுந்து கிடக்கிற கம்பியில் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே சொல்ல முடியுமா? நம்மில் நிறைய பேர் டியூஷன் முடிந்து இருட்டில் அந்த வரப்பு வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறோம். அதனால் இந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பதில் சொல்ல ஒருவர் வந்திருக்கிறார். கம்பத்துக்குக் குழி தோண்டும் வேலையில் தொடங்கி, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பகுதி வீடுகளுக்குக் கரண்டைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். நம்ம தெருவில் இவரைக் கரண்டு தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ‘மழையும் மின்கம்பியும்’ என்ற தலைப்பில் இப்போது நம்மோடு பேச வருகிறார், ஐயா திரு. ........ அவர்கள்.”

நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடம் ஆகும், பிள்ளைகள் சலசலத்தால் இன்னும் கொஞ்சம். அரை மணி நேரப் பேச்சுக்கு ஒரு நிமிடம், மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம் அறிமுகம். அதற்கு மேல் போனால் எதையாவது எடுத்துவிடுங்கள். இந்த அறிமுகத்தில் ‘சீரிய’, ‘தன்னலமற்ற’, ‘ஒப்பற்ற’ என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் அன்பு குறைந்துவிட்டதா? கரண்டு தாத்தா என்ற இரண்டு சொல்லில் அந்த ஊர் அவரை எப்படி வைத்திருக்கிறது என்பது வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பெயரை மேடையில் சொல்லலாமா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் சேர்க்க வேண்டும். ஊரில் வழங்கும் செல்லப் பெயர்களில் சிலதை உரியவர் ரசிப்பார், சிலதைப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

புகழ்ச்சிச் சொற்கள் பெருகினால் என்ன ஆகும் என்பதை விருந்தினரின் முதல் வாக்கியத்தில் கேட்கலாம். “என்னைப் பற்றி ரொம்ப அதிகமாகச் சொல்லிவிட்டார்கள், அதற்கெல்லாம் நான் தகுதியானவன் இல்லை” என்று தொடங்குவார். அது அவருடைய பண்பு. ஆனால் அந்தப் பணிவை முடித்துக்கொண்டு தலைப்புக்கு வர அவருக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிவிடும், அது அவருடைய நேரத்திலிருந்து போகிறது. தவறான செய்தி இருந்தால் திருத்தத்தில் தொடங்குவார். அறிமுகம் ஒரு கேள்வியை நட்டுவிட்டுப் போயிருந்தால், பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே தொடங்குவார். “இந்தப் பொண்ணு கேட்டுச்சே, கம்பியில கரண்டு இருக்கான்னு பாத்துச் சொல்ல முடியுமான்னு. முப்பது வருஷம் வேலை பார்த்த என்னாலயே முடியாது.” அந்த இடத்தில் எண்பது தலைகளும் நிமிரும். அறிமுகம் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது.

‘இவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, உங்கள் எல்லோருக்கும் தெரியும்’ என்ற வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெரியாத ஒரு பிள்ளை எங்காவது பின்வரிசையில் இருக்கும். அதற்குத் தான் மட்டும் வெளியே நிற்பதுபோல ஆகிவிடும்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘பேச வருகிறார்’ என்று வினையை முன்னால் போட்டுவிட்டுப் பெயரைக் கடைசியில் வைக்கலாம். பனம்பாரனாரும் பெயரைக் கடைசிக்குத்தான் தள்ளினார். அழைப்பிதழிலும் பின்னால் தொங்கும் பேனரிலும் பெயர் இருக்கும்போது கடைசியில் சொல்வதில் என்ன மர்மம் இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். மர்மத்துக்காக அல்ல. பெயர்தான் கைதட்டலுக்கான சைகை. பெயர் முடிந்ததும் கை தட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குத் தானாகவே தெரியும். பெயரைச் சொன்ன பிறகும் நான்கு வாக்கியம் பேசினால், கைகள் பாதியில் எழும்பித் தயங்கும், விருந்தினரும் எழுவதா வேண்டாமா என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். பெயர் சொல்லியாயிற்று என்றால் அதன் பிறகு ஒரு சொல்லும் கிடையாது, ‘அவரை வருக வருக என வரவேற்று’ என்பதுகூட.

அந்தப் பெயரைச் சொல்லும்போது பார்வை எங்கே இருக்க வேண்டும்? கூட்டத்தின் மேல். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் மரியாதை காரணமாகப் பெயர் சொல்லும்போது நம்மில் அநேகம் பேர் விருந்தினர் பக்கம் திரும்பிவிடுகிறோம். முகம் திரும்பினால் வாய் மைக்கை விட்டு விலகுகிறது. மொத்த அறிமுகத்திலும் எல்லோர் காதிலும் விழ வேண்டிய அந்த ஒரு சொல், விருந்தினர் காதில் மட்டும் விழுகிறது. பெயரைக் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி முடித்து, முதல் கைதட்டலை நீங்களே தொடங்கி, அதன் பிறகு அவர் பக்கம் திரும்புங்கள்.

மைக்கை விட்டு உடனே ஓடிவிடவும் கூடாது. அவர் வந்து சேரும்வரை அங்கேயே நில்லுங்கள். மாணவியின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்த மைக் ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும், முடியாவிட்டால் பக்கத்தில் ஓர் ஆசிரியர் அதற்கென்று நிற்கட்டும். அவர் ஒரு பக்கமாக வந்தால் மாணவி எதிர்ப்பக்கமாக விலக வேண்டும். இல்லாவிட்டால் குறுகலான மேடையில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போகவும் மறக்க வேண்டாம்.

தாளைப் பற்றியும் ஒன்று. அறிமுகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பார்த்துப் படிப்பதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் தாளைப் பார்க்கக் கூடாது. ஒன்று முதல் வாக்கியம். இன்னொன்று பெயர். ஒருவருடைய பெயரைத் தாளில் தேடி எடுத்துச் சொன்னால், இவரை நமக்குத் தெரியாது என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். வாய்க்குப் பழகாத பெயராக இருந்தால் அசை அசையாகப் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணால் படித்துப் பழகுவது போதாது. எழுத்தில் சுலபமாக இருக்கும் பல வாக்கியங்கள் வாயில் தடுக்கும், அவற்றை அப்போதே உடைத்துவிடலாம்.

பொன்னாடைக்கு வருகிறேன். எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை. அறிமுகம் முடிந்த பிறகு பொன்னாடை என்று வைத்தால் என்ன நடக்கும்? மாணவி கேள்வியை நட்டுவிட்டாள், பிள்ளைகள் அவரையே பார்க்கிறார்கள், கைதட்டல் எழுகிறது. அப்போது தலைமையாசிரியர் எழுந்து, ஊராட்சித் தலைவரை அழைத்து, சால்வையைப் பிரித்து, புகைப்படக்காரர் இன்னொரு முறை போர்த்தச் சொல்லி, பிறகு பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் இன்னொரு சால்வை. அவர் மைக் முன்னால் வரும்போது கேள்வி எல்லோருக்கும் மறந்திருக்கும். ஆகவே வரவேற்புரை, பொன்னாடை, புத்தகம் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். அறிமுகத்துக்கும் பேச்சுக்கும் நடுவே ஒன்றும் வரக் கூடாது. நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் ஆசிரியரிடம் இதை முன்பே பேசி வைத்தால் ஒழிய நடக்காது.

அதேபோல, வரவேற்புரையில் மேடையிலுள்ளவர்களை எல்லாம் ஒவ்வொருவராக ‘அவர்களே’ போட்டு விளித்தாகிவிட்டது என்றால் அறிமுகத்தில் திரும்ப விளிக்க வேண்டாம். ஏழு பேரைப் பதவியோடு விளித்தால் அதற்கே ஒரு நிமிடம் போய்விடும், அறிமுகத்துக்கு நாம் ஒதுக்கிய நேரமே அவ்வளவுதான். எல்லோருக்கும் வணக்கம் என்ற இரண்டு சொல்லில் அனைவரும் அடக்கம். யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் இருந்தால், விளிக்கும் பொறுப்பை முழுவதுமாக வரவேற்புரை சொல்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்களின் சங்கங்களில், ரோட்டரி, அரிமா, வாசகர் வட்டம் போன்ற இடங்களில், சிக்கல் வேறு விதம். அங்கே இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள். விருந்தினரை அழைத்து வந்த நண்பரே அறிமுகமும் செய்வார். நன்னூல் ஏற்கும் தகுதி அவருக்கு இருக்கிறது, கூடப் படித்தவர். ஆனால் அந்த நெருக்கமே அவரைக் கல்லூரி விடுதிக்கும் பழைய சைக்கிளுக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். விருந்தினரைப் பற்றிய அறிமுகம் தங்கள் இருவரின் நட்பைப் பற்றிய உரையாக மாறிவிடும். ஒரு நினைவு போதும். அது இன்றைய தலைப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதாக இருக்க வேண்டும். ஏரிகளைப் பற்றிப் பேச வந்தவர் சிறு வயதில் மடை திறக்கும் நாளில் பள்ளிக்கு மட்டம் போட்டவர் என்றால் அது சேரலாம். தேர்வில் பிட் அடித்தது வேண்டாம். பலரும் தெரிந்தவர்களாக இருக்கும் சபையில் அறிமுகம் முக்கால் நிமிடத்தில்கூட முடியலாம்.

சில நாள் எல்லா ஏற்பாடும் கலைந்துபோகும். நாம் அழைத்தவர் வர முடியாமல் வேறொருவரை அனுப்பிவிடுவார், கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும். எழுதி வைத்த தாளில் பெயரை மட்டும் மாற்றிப் படிக்கும் அவசரம் வரும். அதைச் செய்யாதீர்கள். வந்தவரைத் தனியாக அழைத்துப் போய், தண்ணீர் கொடுத்து, மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், இந்த வேலையில் எத்தனை காலமாக இருக்கிறீர்கள், இன்று இந்தப் பிள்ளைகள் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். மூன்று பதிலையும் அதே வரிசையில் அல்லாமல் கடைசிப் பதிலில் தொடங்கிச் சொல்லிவிட்டால் அறிமுகம் ஆயிற்று. யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை அறிமுகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அதை வரவேற்புரையிலேயே ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். மாற்றாக வந்தவர் என்ற சொல் அவர் காதில் ஒருமுறைகூட விழக் கூடாது. அவரும் ஒரு வேலையை விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

விருந்தினர் பேசும்போது அறிமுகம் செய்தவர் முன்வரிசையில், அவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சிக்குச் சால்வை எண்ணப் போய்விடக் கூடாது. அவர் சொல்வதில் ஒன்றிரண்டைக் குறித்துக்கொண்டால் நன்றி சொல்பவருக்குக் கொடுக்கலாம். அந்த நன்றியுரை அடுத்த வாரம்.